டிராகனின் நெஞ்சைப் பாருங்கள்

திரையில் ஒரு டிராகன் பறக்கிறது. செதில்களில் வெயில் மினுங்குகிறது. இறக்கைத் தோலில் நரம்பு ஓடுவதுகூடத் தெரிகிறது. ஆனாலும் அது பறக்கிறது என்று மனசு ஒப்புவதில்லை. இறக்கை ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்கிறது, உடம்பு தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று சம்பந்தமில்லை. பார்வையாளருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உறுத்தல் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து காக்கையையும் புறாவையும் பருந்தையும் பார்த்துப் பழகிய கண் அது.

இப்படிப்பட்ட ஷாட்டுகளில் கோளாறு பெரும்பாலும் இறக்கையில் இருப்பதில்லை. அனிமேட்டர்கள் இறக்கைக்கு நிறையவே உழைக்கிறார்கள். கோளாறு உடம்பில் இருக்கும். இறக்கை காற்றைத் தள்ளிய பலன் எந்த ஃபிரேமில் உடம்பில் தெரிய வேண்டுமோ, அந்த ஃபிரேமில் அது தெரியாது. சில ஃபிரேம் முன்னே தெரியும், அல்லது தெரியவே தெரியாது. திரும்பும்போதும் இதே கதைதான்: உடம்பு சாய்வதற்கும் பாதை வளைவதற்கும் இடையே ஒரு வரிசை உண்டு, அது தலைகீழாகிவிடும். பறக்கும் உயிர் எதுவானாலும் நம்பகம் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் இறக்கைச் சுற்று. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். பெரிய உருவம் மெதுவாக இறக்கை அடிக்கும் என்பதால், நம்முடைய டிராகனுக்கு விநாடிக்கு ஒரு அடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 24 ஃபிரேம். 1-ஆம் ஃபிரேமில் இறக்கை உச்சியில் இருக்கிறது. 13-இல் அடியில். 25-இல் மறுபடி உச்சியில். 25-ஆம் ஃபிரேமும் 1-ஆம் ஃபிரேமும் ஒரே நிலை என்பதால் ஓட்டும்போது 1 முதல் 24 வரைதான் ஓட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் ஒரு கணம் தட்டி நிற்கும். இந்தத் தட்டலைப் பல மாணவர் படங்களில் பார்க்கலாம்.

கீழ்நோக்கிய அடியும் மேல்நோக்கிய ஏற்றமும் ஒன்றின் தலைகீழ் அல்ல. பறவையின் உடலிலேயே அது எழுதியிருக்கிறது. இறக்கையைக் கீழே இறக்கும் நெஞ்சுத் தசை, பல பறவைகளில் மொத்த உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். இறக்கையை மேலே தூக்கும் தசை அதைவிடப் பல மடங்கு சிறியது. அதுவும் நெஞ்சிலேயேதான் இருக்கிறது. அதன் நாண் தோள் எலும்புகளுக்கு நடுவே உள்ள துளை வழியாக ஏறி, மறுபக்கம் இறங்கி, மேற்கை எலும்பைப் பிடித்து இழுக்கிறது. உழைப்பு கீழ்நோக்கிய அடிக்கு, ஏற்றம் அடுத்த அடிக்கான ஆயத்தம். ஆகவே இறங்கும்போது இறக்கை முழுசாக விரிந்து, விறைப்பாக, சற்று முன்னோக்கியும் வருகிறது. ஏறும்போது மணிக்கட்டு மடங்கி உள்ளே ஒடுங்குகிறது, சற்றுப் பின்வாங்கியும் போகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்கையின் நுனி நேர்க்கோட்டில் ஏறி இறங்குவதில்லை, சாய்ந்த ஒரு நீள்வட்டம் போடுகிறது.

இதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாமல் மனிதர்கள் நெடுங்காலம் தவித்தார்கள். 1882-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, விநாடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமரா ஒன்றைச் செய்து பறவைகளைக் குறிவைத்தார். பிறகு கடற்பறவையின் ஒரு சுற்றை அடுத்தடுத்த நிலைகளாக வெண்கலத்திலேயே வார்த்தும் வைத்தார். அனிமேட்டர் இன்று கணினியில் செய்யும் வேலையை உலோகத்தில் செய்தவர் அவர்.

இறக்கை ஒரே பலகையாக ஆடுவதில்லை. தோள் முதலில் கிளம்புகிறது, முழங்கை ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்துகிறது, மணிக்கட்டு இன்னும் கொஞ்சம், நுனி கடைசியாக. 1-ஆம் ஃபிரேமில் தோள் இறங்கத் தொடங்கியிருக்கும்போது நுனி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும். நம் டிராகனில் அது உச்சியைத் தொடுவது 4 அல்லது 5-ஆம் ஃபிரேமில். இந்தப் பிந்தல் இல்லாவிட்டால் இறக்கை தகரமாகத் தெரியும். ஆனால் இங்கே எதிர்ப்பக்கத் தவறு அதிகம் நடக்கிறது. கிராஃப் எடிட்டரில் தோளின் வளைகோட்டை நகலெடுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு இரண்டு ஃபிரேமாக வலப்பக்கம் நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்த இறக்கை துணியாக நெளியும். காற்றைப் பிடித்துத் தள்ளும் வலு அதில் இருக்காது. உச்சியிலும் அடியிலும் திசை மாறும் இடங்களில் மட்டும் பிந்தல் பெரிதாக இருக்கட்டும். 4-இலிருந்து 10-ஆம் ஃபிரேம் வரை, அடியின் பலம் முழுதும் இறங்கும் நேரத்தில், மூட்டுகள் விறைத்து, இறக்கை ஒரே பரப்பாக நிற்க வேண்டும். நுனி மட்டும் காற்றின் அழுத்தத்தில் மேல்நோக்கிச் சற்று வளைந்திருக்கலாம்.

இனி உடம்பு. அனிமேஷன் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரப்படும் விதி எளிமையானது: இறக்கை கீழே போனால் உடம்பு மேலே, இறக்கை மேலே போனால் உடம்பு கீழே. அதன்படி 1-ஆம் ஃபிரேமில் உடம்பு தாழ்ந்திருக்கும், 13-இல் உயர்ந்திருக்கும். பார்க்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் அந்த டிராகனுக்கு எடை இருக்காது.

ஏன் என்று புரிய, பந்தை உள்ளங்கையால் மேல்நோக்கித் தட்டித் தட்டி விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். கை பந்தை அழுத்தித் தள்ளும் கணத்தில் பந்து எங்கே இருக்கிறது? அதன் பயணத்திலேயே மிகத் தாழ்ந்த இடத்தில். பந்து உச்சியில் இருக்கும்போது கை அதைத் தொடுவதே இல்லை. விசை மேல்நோக்கி வேலை செய்யத் தொடங்கியதும் பொருள் உடனே மேலே போய்விடுவதில்லை. விழுந்துகொண்டிருந்த வேகம் முதலில் தணிய வேண்டும், பிறகு நிற்க வேண்டும், அதன் பிறகுதான் ஏற்றம்.

பறப்பிலும் அதேதான். காற்றின் தூக்குவிசை மிகுந்திருப்பது இறக்கை பாதி இறங்கியிருக்கும் இடத்தில், அதாவது 7-ஆம் ஃபிரேம் பக்கம். உடம்பு மிகத் தாழ்ந்திருக்க வேண்டியது அங்கேதான். 13-இல் இறக்கை அடியைத் தொடும்போது உடம்பு இன்னும் உச்சிக்குப் போகவில்லை. பாதி உயரத்தில், மிக வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சி வருவது 19-இல். அப்போது இறக்கை பாதி மேலேறிவிட்டிருக்கும். அதாவது, பாடத்தில் சொன்ன விதியைவிட உடம்பு ஆறு ஃபிரேம், கால் சுற்று, பின்னால் வருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறக்கைக்கும் எடை உண்டு. கனமான இறக்கையைக் கீழே வீசினால் அந்த எதிர்வினையில் உடம்பு அதே கணம் மேலே தள்ளப்படும். இதில் தாமதமே கிடையாது. முதல் வாரப் பாடத்தின் விதி சொல்வது உண்மையில் இந்த ஒரு பங்கைத்தான். காற்றால் வரும் ஆட்டம் ஆறு ஃபிரேம் பிந்துகிறது, இறக்கை எடையால் வரும் ஆட்டம் பிந்துவதே இல்லை. இரண்டையும் கூட்டினால் உடம்பின் தாழ்ந்த புள்ளி 1-க்கும் 7-க்கும் இடையில் எங்காவது விழும். தோல் இறக்கையும் கனத்த கை எலும்புகளும் உள்ள டிராகனுக்கு 3 அல்லது 4-ஆம் ஃபிரேமில் வைக்கலாம். இலேசான சிறகு கொண்ட பறவைக்கு 5 அல்லது 6. இந்த இரண்டு மூன்று ஃபிரேம் வித்தியாசத்தில்தான் இறக்கை கனமா, இலேசா என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், பறக்கும் உருவங்களுக்கான அனிமேஷனில் இதைவிட முக்கியமான எண் வேறு இல்லை.

எவ்வளவு ஆட வேண்டும் என்பதையும் மனம்போனபடி வைக்க முடியாது. இறக்கை ஏறும் நேரத்தில் தூக்குவிசை மிகவும் குறைந்துவிடும், உடம்பு கிட்டத்தட்ட விழுந்துகொண்டிருக்கும். விழும் நேரம் நீண்டால் விழும் தூரம் அதைவிட வேகமாகக் கூடும். அடிக்கும் எண்ணிக்கை பாதியானால் ஆட்டம் நான்கு மடங்கு. விநாடிக்கு ஒரு அடி என்றால், தாழ்ந்த புள்ளிக்கும் உச்சிக்கும் இடையே கணக்குப்படி சுமார் அரை மீட்டர் வரும். விநாடிக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகமாக அடிக்கும் கூழைக்கடாவுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஆறு முறை அடிக்கும் புறாவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட இருக்காது. இறக்கை ஏறும்போதும் கொஞ்சம் தூக்குவிசை கிடைக்கும் என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.

திரையில் அளவு தவறிப்போவது இங்கேதான். புறாவின் பறப்பைப் பார்த்துப் பழகி, அந்த ஆட்டத்தை அப்படியே பெரிதாக்கி டிராகனுக்கு வைத்தால், எத்தனை பெரிய மலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் டிராகன் புறாவாகவே தெரியும். எதிர்முனையில் பூச்சிகள். 2012-இல் வந்த ‘நான் ஈ’ படத்தின் நாயகனான ஈ, விநாடிக்குச் சுமார் 200 முறை இறக்கை அடிக்கும் இனம். ஒரு ஃபிரேமுக்குள் எட்டு அடி முடிந்துவிடும். அங்கே இறக்கைச் சுற்று என்று தனியாக வரைய ஒன்றுமில்லை, மங்கலான ஒரு படலம் போதும். உடம்பு ஏறி இறங்கவும் நேரமில்லை. அந்த உயிரின் குணத்தைத் தலை, கால், பறந்து திரும்பும் விதம் ஆகியவற்றில்தான் காட்ட முடியும்.

உடம்பு என்று சொன்னாலும் அது ஒரே கட்டை இல்லை. தூக்குவிசை வந்து சேர்வது தோளில், ஆகவே முதலில் எழுவது நெஞ்சு. இடுப்பு இரண்டு ஃபிரேம் கழித்து. வாலின் அடி அதற்கும் இரண்டு ஃபிரேம் கழித்து. வால் நீளமாக இருந்தால் நுனி பத்து ஃபிரேம் வரைகூடப் பிந்தலாம், அப்போது நெஞ்சு இறங்கத் தொடங்கும் நேரத்தில் வால் நுனி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். தொங்கும் கால்களும் இப்படித்தான்.

தலைக்கு மட்டும் விதிவிலக்கு. பறக்கும் அன்னத்தையோ வாத்தையோ பக்கவாட்டில் படமெடுத்துப் பாருங்கள். உடம்பு ஏறி இறங்கும், தலை வானத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கழுத்து அந்த ஆட்டத்தை வாங்கி விழுங்கிவிடுகிறது. பார்வை நிலைத்திருந்தால்தானே இரையும் தெரியும், மோத வரும் கிளையும் தெரியும். உடம்பு எந்த அளவு ஏறுகிறதோ அந்த அளவு தலையை எதிர்த்திசையில் இறக்கி இதைச் செய்ய வேண்டும். சிலர் வாலுக்குக் கொடுத்த பிந்தலையே தலைக்கும் கொடுத்து, ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டும் டிராகனை உண்டாக்கிவிடுகிறார்கள். அந்தத் தலைக்குள் மூளை இருப்பதாகத் தோன்றாது.

இதெல்லாம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டூடியோக்களில் எளிய ஒரு வழி உண்டு. சென்னை ஸ்டூடியோ ஒன்றில், வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன இளைஞர் தன் டிராகன் ஷாட்டைக் காட்டினார். பின்னால் நின்று பார்த்த மேற்பார்வையாளர் ஒருமுறைகூட இறக்கையைப் பற்றிப் பேசவில்லை.

“தம்பி, இறக்கை ரெண்டையும் ஹைட் பண்ணு.”

“முழுசாவா சார்?”

“முழுசா. வெறும் உடம்பை மட்டும் ஓட்டு.”

இறக்கையில்லாத டிராகன் திரையில் ஓடியது. மெத்தென்று மேலே போய் மெத்தென்று கீழே வந்தது, ஏற்றமும் இறக்கமும் ஒரே மாதிரி.

“இப்ப சொல்லு. எந்த இடத்துல அடி விழுதுன்னு தெரியுதா?”

அவர் பதில் சொல்லாமல் வளைகோட்டைத் திறந்தார். தாழ்ந்த புள்ளி 1-ஆம் ஃபிரேமில் இருந்தது. அதை நாலுக்குத் தள்ளினார். அடியிலிருந்து எழும் பகுதியைச் செங்குத்தாக்கி, உச்சியில் உடம்பு ஒரு கணம் மிதக்கும்படி வளைவை அகலமாக்கினார். மறுபடி ஓட்டியதும், இறக்கையே இல்லாமல் அடி எங்கே விழுகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. “இப்ப இறக்கையைக் கொண்டாப்பா” என்றார் மேற்பார்வையாளர்.

அடுத்தது திருப்பம். தரையில் போகிறவனுக்குத் திரும்ப உராய்வு இருக்கிறது. காற்றில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. பறவையிடம் இருப்பது தன் உடம்புக்குச் செங்குத்தாக மேல்நோக்கி வரும் தூக்குவிசை ஒன்றுதான். அதையே ஒரு பக்கம் சாய்த்தால் அதன் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும், பாதை அந்தப் பக்கம் வளையும். ஆகவே சாய்வதன் விளைவுதான் வளைவு. முதலில் சாய்வு, பிறகுதான் வளைவு. புறாக்கள் தாழ்வேகத்தில் திரும்புவதை அதிவேகக் கேமராக்களில் பதிவு செய்து 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது: விசையின் திசையை உடம்பிலிருந்து தனியாகத் திருப்புவதைவிட, உடம்பையே சாய்த்து விசையைத் திருப்புவதுதான் புறாவின் வழி.

கணினியில் இது எளிதில் தலைகீழாகிவிடுகிறது. பாதைக்கு ஒரு கோடு வரைந்து, டிராகனை அதன்மேல் ஓடவிட்டு, தானாகச் சாயும் வசதியை இயக்கினால், மென்பொருள் அந்தந்த இடத்தில் கோடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து அந்த அளவு சாய்க்கும். வளைவு இருக்கும் இடத்தில் சாய்வு இருக்கும், ஆனால் வளைவுக்கு முன்பு இருக்காது. டிராகன் எதையும் முடிவு செய்து திரும்புவதாகத் தெரியாது, யாரோ திருப்புவதாகத் தெரியும்.

ஒரு ஷாட்டைக் கணக்கோடு போட்டுப் பார்ப்போம். டிராகனின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். பாறை ஒன்றைச் சுற்றி வலப்பக்கம் 40 மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு கிடைக்கும். 400-ஐ 392-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்று. ஆக, சாய்வு 45 டிகிரி. இதே வேகத்தில் 20 டிகிரி மட்டும் சாய்த்துவிட்டு இதே வளைவில் ஓட்டினால் டிராகன் வெளிப்பக்கம் சறுக்குவதாகத் தெரியும். ஷாட்டை அழகாக்க வேண்டும் என்று 70 டிகிரி சாய்த்தால், அது ஏன் இன்னும் இறுக்கமாக வளையவில்லை என்று கண் கேட்கும்.

நமது இறக்கைச் சுற்று 73-ஆம் ஃபிரேமில் மறுபடி உச்சியில் இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு நான்கைந்து ஃபிரேம் முன்னதாகவே தலை வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். திரும்பப் போகிறேன் என்ற முடிவு முதலில் தெரிவது கண்ணில்தான். 73-இலிருந்து 85 வரை கீழ்நோக்கிய அடி. இதில் இடது இறக்கை அகலமாக விரிந்து பலமாக அடிக்கிறது, வலது இறக்கை மணிக்கட்டில் கொஞ்சம் ஒடுங்குகிறது. இடப்பக்கம் தூக்குவிசை கூடுவதால் உடம்பு வலப்பக்கம் உருளத் தொடங்கி 20 டிகிரிக்கு வருகிறது. 85 முதல் 97 வரை இறக்கை ஏறுகிறது. அப்போது விசை குறைவு என்பதால் சாய்வும் தயங்கி, 25 வரை மட்டும் போகிறது. 97 முதல் 109 வரை அடுத்த அடி, 25-இலிருந்து 45. இப்படிச் சாய்வு இரண்டு தவணையாக வருகிறது. வழுவழுப்பான ஒரே கோடாகச் சாய்த்தால் இறக்கைக்கும் சாய்வுக்கும் தொடர்பு அறுந்துவிடும். பாதையோ, 73-இல் இன்னும் நேராகவே இருக்கிறது. 80-ஐத் தாண்டி மெல்ல வளையத் தொடங்கி, 109-இல்தான் முழு வளைவுக்கு வருகிறது.

109 முதல் 145 வரை சாய்வு அப்படியே நிற்கிறது. இங்கே ஃபிரேமுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக டிராகனின் திசை மாறுகிறது. 145-இல் தொடங்கும் அடியில் இப்போது வலது இறக்கை பலமாக அடித்து உடம்பை நிமிர்த்துகிறது. 157-இல் 20 டிகிரி, 169-இல் 15. அடுத்த அடியில், 181-இல், எதிர்ப்பக்கம் இரண்டு டிகிரி தாண்டிப்போய்ப் பிறகு சமனுக்கு வருகிறது. பாதை முழுசாக நேராவதற்கு முன்பே நிமிரத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். கூட்டிப் பார்த்தால் நாலரை விநாடியில் ஏறக்குறைய 75 டிகிரி திரும்பியிருக்கிறது. அந்த ஆரத்தில் முதல் கணத்திலிருந்தே முழுச் சாய்வோடு ஓடும் பாதைக்கோட்டில் இதே திருப்பம் இரண்டே முக்கால் விநாடிக்குள் முடிந்திருக்கும். மிச்ச நேரம் முழுதும் சாயவும் நிமிரவும் போனது. டிராகன் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர் உணர்வது அந்த நேரத்தில்தான்.

சாய்ந்திருக்கும்போது இன்னொரு செலவு உண்டு. தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விட்டதால் எடையைத் தாங்க மிச்சமிருப்பது குறைவு. 45 டிகிரியில் உயரம் இழக்காமல் இருக்க வேண்டுமானால் மொத்த விசை 1.4 மடங்காக வேண்டும், 60 டிகிரியில் இரண்டு மடங்கு. ஆகவே 109 முதல் 145 வரை அடிகள் ஆழமாக, உழைப்போடு இருக்க வேண்டும். அல்லது டிராகன் உயரம் இழந்து சரிய வேண்டும். இரண்டும் இல்லாமல், நேராகப் போகும்போது அடித்த அதே சோம்பல் அடியோடு செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும் உருவத்தை எவ்வளவு வெளிச்சம் போட்டும் காப்பாற்ற முடியாது.

ரிக் அமைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பு ஏறி இறங்கும் ஆட்டம் எந்தத் திசையில்? நேராகப் பறக்கும்போது தரைக்குச் செங்குத்தாக. 45 டிகிரி சாய்ந்தபின், கூடிக்குறையும் விசை உடம்போடு சேர்ந்து சாய்ந்துவிட்டது, ஆகவே ஆட்டமும் அந்தச் சாய்ந்த திசையில்தான் இருக்க வேண்டும். பாதைக்கான கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் மேலே, அதன் கீழ் சாய்வு, அதன் கீழ் ஆட்டம் என்று அடுக்கினால் இது தானாக நடக்கும். ஆட்டத்தைச் சாய்வுக்கு மேலே வைத்துவிட்டால் டிராகன் சாய்ந்த நிலையில் தரைக்குச் செங்குத்தாகக் குதிக்கும். காரணம் கண்டுபிடிக்க முடியாமல் நாள்கணக்கில் வளைகோட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

வால் இந்தக் கதையில் சும்மா இருப்பதில்லை. இடது இறக்கை அதிகம் தூக்கும்போது காற்றின் இழுவையும் அந்தப் பக்கம் கூடுகிறது, அதனால் திருப்பத்தின் தொடக்கத்தில் மூக்கு தவறான பக்கம், இடப்பக்கம், கொஞ்சம் இழுபடும். அதைச் சரிக்கட்டுவதில் வாலுக்குப் பங்கு உண்டு. மீன் மார்க்கெட்டுக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்தின் பிளந்த வாலைக் கவனித்தால், இறக்கை அசையாமல் இருக்கும்போதும் வால் இடைவிடாமல் இப்படியும் அப்படியும் முறுகிக்கொண்டிருப்பது தெரியும். 2010-இல் வந்த ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ படத்தின் கதையே இதில்தான் நிற்கிறது. டூத்லெஸ் என்ற அந்த டிராகனுக்கு வால் துடுப்பில் ஒரு பாதி போய்விடுகிறது, அதனால் அதற்குப் பறக்க முடியவில்லை. சிறுவன் ஹிக்கப் செயற்கைத் துடுப்பு செய்து மாட்டி, காலால் மிதித்து அதை இயக்கிய பிறகே இருவரும் சேர்ந்து வானில் ஏறுகிறார்கள். படமெடுத்தவர்கள் பறப்பை அலங்காரமாக நினைக்காமல் அதன் இயக்கத்திலேயே கதையை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

திருப்பத்திலும் தலை தன் வழக்கத்தை விடுவதில்லை. உடம்பு 45 டிகிரி சாய்ந்தாலும் பறவையின் இரண்டு கண்களையும் இணைக்கும் கோடு முடிந்தவரை தொடுவானத்தோடு ஒட்டியே நிற்கும். கழுத்து அந்தச் சாய்வை அவிழ்த்துவிடும். உடம்போடு சேர்ந்து தலையும் அதே கோணத்தில் சாய்ந்தால் செத்த உருவமாகத் தெரியும்.

இணையத்தில் ஆயத்த இறக்கைச் சுற்றுகள் விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் உடம்பு இடத்தைவிட்டு அசையாது, அல்லது இறக்கைக்கு நேரெதிராக ஏறி இறங்கும். அனிமேஷன் படிக்கும் தம்பி, தங்கைகள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். பருவத்தில் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ ஒருமுறை போய்வாருங்கள். கூழைக்கடா நம் நாட்டில் எளிதாகக் காணக்கூடிய பெரிய, மெதுவாக அடிக்கும் பறவை. கைபேசியில் விநாடிக்கு 240 ஃபிரேம் வசதி இருந்தால், பக்கவாட்டில் பறந்து போகும் ஒன்றை அதில் பதிவு செய்யுங்கள். பத்துக்கு ஒரு ஃபிரேம் எடுத்தால் சினிமாவின் 24 கிடைத்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் நெஞ்சில் ஒரு புள்ளி, இறக்கை நுனியில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எண்ணிக்கொண்டு வந்து, உங்கள் டிராகனை அதன் பிறகு தொடங்குங்கள்.